மழை வந்தால் என்ன செய்வது: திறந்தவெளி நிகழ்ச்சிக்கு மாற்றுத் திட்டம் போடும் முறை

ஞாயிறு காலை ஆறு மணி. வெளியே மழை கொட்டுகிறது. "நிகழ்ச்சி உண்டா?" என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன. அந்த நேரத்தில் ஓர் ஏற்பாட்டாளர் சொல்லக்கூடிய நல்ல விடை எதுவும் இல்லை. நடத்துகிறோம் என்றால் குழந்தைகள் சேற்றில் நிற்பார்கள். தள்ளிவைக்கிறோம் என்றால் சாம்பார் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கிறது, செங்கல்பட்டுக் குடும்பம் ரயில் ஏறிவிட்டது. மழைக்கான முடிவை மழை பெய்யும்போது எடுக்கக் கூடாது. எந்த நிலையில் என்ன செய்வோம், அதை யார் சொல்வார், எத்தனை மணிக்குச் சொல்வார் என்பதெல்லாம் பதிவு தொடங்குவதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

முதல்முறை நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்காக ஒரே ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு முழுவதும் போய்ப் பார்ப்போம். தாம்பரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில், நவம்பர் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, குடும்பங்களுக்கான மரபு விளையாட்டு விழா. பல்லாங்குழி, தாயம், பம்பரம், கோலி, கிட்டிப்புள், பாண்டி, உறியடி, மதியச் சாப்பாடு. பதிவு செய்தவை 160 குடும்பங்கள், குடும்பத்துக்கு மூன்று பேர் என்றால் 480 பேர். பதிவுக் கட்டணம் குடும்பத்துக்கு 500 ரூபாய். எண்கள் உங்கள் நிகழ்ச்சிக்கு வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை மாறாது.

முதலில் இரண்டாவது தேதி

பலரும் மழை வந்தபிறகுதான் அடுத்த தேதியைத் தேடுகிறார்கள். அப்போது பள்ளி மைதானம் வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டிருக்கும், விளையாட்டு ஆசிரியருக்கு வேறு ஊரில் வேலை இருக்கும். முதல் தேதியைப் பேசும் அதே நாளில், அதே மேசையில், இரண்டாவது தேதியையும் பேசி முடித்துவிடுங்கள். பெரிய விளையாட்டுப் போட்டிகளில் இது பழகிய வழக்கம். 2023 ஐபிஎல் இறுதிப்போட்டி மே 28 அன்று ஆமதாபாத்தில் மழையால் தொடங்கவே முடியவில்லை. ஆனால் மறுநாள் மாற்று நாளாக முன்பே ஒதுக்கப்பட்டிருந்ததால், அரங்கத்தில் காத்திருந்தவர்களிடம் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நாளை வாருங்கள் என்று உடனே சொல்ல முடிந்தது.

நமக்கு மறுநாள் உதவாது. அடுத்த ஞாயிறும் பெரும்பாலும் உதவாது. சென்னையின் நவம்பர் மாதச் சராசரி மழை 300 மில்லிமீட்டருக்கும் மேல். ஒரு காற்றழுத்தத் தாழ்வு போனால் அடுத்தது வரக்கூடிய காலம் அது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வரும், பிறகு விடுமுறைக்கு ஊருக்குப் போவார்கள். ஜனவரியின் சராசரி 30 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. ஆனால் பொங்கல் முடிந்த முதல் ஞாயிறு வேண்டாம். ஊரிலிருந்து திரும்பும் வண்டிகளால் ஜி.எஸ்.டி. சாலை பெருங்களத்தூரிலேயே நின்றுபோகும். ஜனவரி கடைசி ஞாயிற்றை எடுத்தால் குடியரசு நாளோடு மோதுகிறதா, பள்ளியில் கொடியேற்றத்துக்கு மைதானம் வேண்டுமா என்று பார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் பிப்ரவரி முதல் ஞாயிற்றை வைத்துக்கொள்வோம். இரண்டரை மாதம் தள்ளிப்போவது சிலருக்கு நீளமாகத் தோன்றும். இரண்டு முறை தள்ளிவைப்பதைவிட ஒரே முறை நன்றாகத் தள்ளிவைப்பது மேல் என்பது என் உறுதியான எண்ணம். இரண்டாம் முறை தள்ளிவைத்தால் ஆட்கள் உங்கள் தேதியை நம்புவதை விட்டுவிடுகிறார்கள்.

பள்ளியிடம் இதைக் கடிதமாக வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: முதல் தேதி, மாற்றுத் தேதி, மழையால் மாற்றினால் கூடுதல் வாடகை இல்லை என்ற வரி, மழை நாளில் கூட்ட அரங்கையும் ஆறு வகுப்பறைகளையும் தருவதாக ஒப்புதல், அன்று சாவி வைத்திருப்பவரின் பெயரும் எண்ணும். கடைசி விஷயத்தைச் சின்னதாக நினைக்க வேண்டாம். மழைக்காகச் சனிக்கிழமை பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டால் அலுவலகத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். காவலாளி மட்டும்தான் இருப்பார். பெருமழை நாட்களில் பள்ளிகளே நிவாரண முகாம்களாக மாறுவதும் உண்டு. அப்படி ஆனால் அரங்கு உங்களுக்கு இல்லை என்பதைத் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பந்தல்காரர், சமையல்காரர், மைக் செட்: எப்போது செலவு தொடங்குகிறது?

புதியவர்கள் தவறவிடுவது இந்த இடத்தில்தான். மழைக்கான முடிவை சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எடுக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏன் மூன்று மணி என்பதைப் பின்னால் பார்க்கலாம். அந்த மூன்று மணிக்கு முன் யார் யார் பணத்தைச் செலவழித்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

சமையல்காரர் மளிகையை வெள்ளிக்கிழமையே வாங்கிவிடுவார். அரிசி, பருப்பு, எண்ணெய் கெடாது. அவருடைய அடுத்த வேலைக்குப் போய்விடும். காய்கறியும் பாலும் தயிரும் அப்படி அல்ல. அவற்றைச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குமேல் வாங்கச் சொல்லுங்கள். பந்தல்காரர் சனிக்கிழமை காலையிலேயே கழி இறக்க விரும்புவார், ஏனென்றால் அவருக்கு அது வசதி. மாலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் போதும் என்று பேசுங்கள். விளக்குப் போட்டு இரவு ஒன்பதுக்குள் முடித்துவிடுவார்கள். மைக் செட்காரர் ஞாயிறு காலை வந்தால் போதும்.

பேசும்போது மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் அனுப்பிவிடுங்கள். முன்பணம் மாற்றுத் தேதிக்குக் கணக்கில் போகுமா? சனி மூன்று மணிக்குள் சொன்னால் நஷ்டம் எவ்வளவு? அதன்பிறகு சொன்னால் எவ்வளவு? பெரும்பாலானவர்கள் நியாயமாகவே பேசுவார்கள், அவர்களுக்கும் மழைக்காலம் புதிதல்ல. பிப்ரவரி வேலை உறுதி என்று தெரிந்தால் இன்னும் இளகுவார்கள்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். வரவு 80,000 ரூபாய். சாப்பாடு 48,000, பந்தல் 12,000, மைக் செட்டும் ஜெனரேட்டரும் 6,000, விளையாட்டுப் பொருட்களும் பரிசுகளும் 8,000, ஆக 74,000. சனி மூன்று மணிக்குத் தள்ளிவைத்தால் வண்டி வாடகை, ஆள் கூலி என்று ஏறக்குறைய 5,000 ரூபாய் போகும். பொருட்களும் பரிசுகளும் பிப்ரவரிக்கும் உதவும். ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தள்ளிவைத்தால் சாப்பாட்டுப் பணம் முழுவதும், பந்தல் கூலி முழுவதும் போய்விடும். அதாவது 60,000 ரூபாய். பதினைந்து மணி நேரத் தயக்கத்தின் விலை 55,000 ரூபாய். குழுவில் யாராவது "இன்னும் கொஞ்சம் பார்ப்போமே" என்றால் இந்த இரண்டு எண்களையும் அவர் முன்னால் வையுங்கள்.

இன்னொன்று: நிகழ்ச்சி நடந்து முடியும்வரை வரவில் கால்பங்கை, அதாவது 20,000 ரூபாயைத் தொடாமல் தனியாக வைத்திருங்கள். தள்ளிவைத்தால் நாற்பது குடும்பங்கள் வரை பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பதற்கான தொகை அது. அதற்காக முன்பணங்களைச் சிறியதாக வைக்க வேண்டியிருக்கும், பேசினால் முடியும்.

வானிலை அறிக்கையை எப்படிப் படிப்பது

நம்ப வேண்டியது சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் மாவட்டவாரி எச்சரிக்கையை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் mausam.imd.gov.in தளத்தில் அடுத்த சில நாட்களுக்கான எச்சரிக்கை மாவட்ட வாரியாக நிறத்தில் இருக்கும். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் ஆயத்தமாக இருங்கள், சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. சென்னைக்கு என்ன நிறம் என்று மட்டும் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். உங்களிடம் பதிவு செய்தவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வருகிறார்கள் என்றால் அதையும் பாருங்கள்.

அறிக்கையில் வரும் சொற்களுக்கு அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 21-ம் அதற்கு மேலும் அதி கனமழை. "ஓரிரு இடங்களில்" என்று வந்தால் மாவட்டத்தின் மழைமானிகளில் கால்பங்குக்கு மேல் போகாது என்று பொருள். உங்கள் மைதானம் அந்தக் கால்பங்கில் இருக்குமா என்று யாராலும் இரண்டு நாள் முன்பு சொல்ல முடியாது. அதனால்தான் நிறத்துக்கு ஒரு செயல் என்று முன்பே கட்டிப்போட்டுக்கொள்வது நல்லது.

பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30-க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30-க்கு முடிகிறது. ஞாயிறு காலை ஐந்து மணி மழை, சனிக்கிழமைக்கான எச்சரிக்கையில் சேரும். வடகிழக்குப் பருவமழை கடலோரத்தில் நள்ளிரவிலும் விடியற்காலையிலும்தான் அதிகம் பெய்யும் இயல்புடையது. ஆகவே ஞாயிறு காலை நிகழ்ச்சிக்குச் சனி, ஞாயிறு இரண்டு நாட்களின் எச்சரிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை ஆரஞ்சு, ஞாயிறு மஞ்சள் என்றிருந்தால் உங்களுக்கு அது ஆரஞ்சுதான். நீங்கள் போகும்போது மைதானம் குளமாக இருக்கும்.

எச்சரிக்கை பகலில் புதுப்பிக்கப்படுகிறது. சனிக்கிழமை நண்பகலில் வருவதைப் படித்து, பள்ளிக்குப் போய் மைதானத்தையும் பார்த்துவிட்டு, மூன்று மணிக்கு முடிவு சொல்லலாம். மைதானத்தைப் பார்ப்பது என்றால் நடுவில் நின்று குதிகாலை அழுத்திப் பார்ப்பது. பள்ளத்தில் தண்ணீர் ஊறி நின்றால், இனி ஒரு சொட்டு பெய்யாவிட்டாலும் மறுநாள் கிட்டிப்புள் கிடையாது.

மூன்று நிலை, மூன்று முடிவு

நம் விழாவுக்கு விதியை இப்படி எழுதலாம். சனி, ஞாயிறு இரண்டும் பச்சை, மைதானம் காய்ந்திருக்கிறது என்றால் திட்டப்படி மைதானத்தில். மஞ்சள், அல்லது மைதானம் ஊறியிருக்கிறது என்றால் உள்ளரங்கில், இரண்டு பிரிவாக. ஆரஞ்சு அல்லது சிவப்பு என்றால் பிப்ரவரிக்கு. வெள்ளிக்கிழமை மாலையே சிவப்பு வந்துவிட்டால் சனிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, அப்போதே தள்ளிவைத்துவிடலாம்.

ஆரஞ்சுக்கே தள்ளிவைப்பது மிகை என்று சிலர் சொல்வார்கள். பெரியவர்கள் மட்டும் வரும் நிகழ்ச்சி என்றால் நானும் யோசிப்பேன். கைக்குழந்தைகளோடு வரும் குடும்பங்கள், முடிச்சூர், வரதராஜபுரம் போன்று தண்ணீர் தேங்கும் பகுதிகளிலிருந்து கிளம்ப வேண்டும் என்றால் அந்தப் பயணத்தையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அரங்குக்குள் ஈரம் படாமல் இருப்பது மட்டும் போதாது.

உள்ளரங்கத் திட்டத்தைப் பலர் "மழை வந்தால் உள்ளே போய்விடலாம்" என்று ஒரு வரியில் எழுதி விட்டுவிடுகிறார்கள். உண்மையில் அதற்குத்தான் கணக்கு அதிகம். அரங்கில் தரையில் 200 பேர் உட்காரலாம். ஆறு வகுப்பறைகளில் அறைக்கு 25 பேர் என்றால் 150. மொத்தம் 350, நம்மிடம் 480 பேர். மழையில் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று நம்பித் திட்டமிடுவது பதிவு செய்தவர்களுக்குச் செய்யும் அநீதி. ஆகவே இரண்டு பிரிவு: பதிவு எண் 1 முதல் 80 வரை காலை 9 மணிக்கு, 81 முதல் 160 வரை பிற்பகல் 12.45-க்கு. காலைப் பிரிவு 11.30-க்குச் சாப்பிட்டுவிட்டு 12.15-க்குக் கிளம்பும். பிற்பகல் பிரிவு வந்தவுடன் சாப்பிடும், நான்கு மணிக்கு முடியும். சமையல் ஒன்றுதான், பந்தி இரண்டு. நடுவில் உள்ள அரைமணி நேரம் தரையைத் துடைக்க. அதைக் குறைக்க வேண்டாம். ஈரச் செருப்போடு 240 பேர் நடந்த தரை வழுக்கும்.

பல்லாங்குழி, தாயம் வகுப்பறைகளுக்கு அப்படியே போகும். பாண்டிக்கு அரங்கில் சாக்கட்டியால் கட்டம் போடலாம். பம்பரம் சிமெண்டுத் தரையில் நன்றாகவே சுற்றும், ஆனால் கூட்டத்தில் ஆணி காலில் படும். ஒரு மூலையைக் கயிறு கட்டிப் பிரித்துவிடுங்கள். கிட்டிப்புள்ளும் உறியடியும் கிடையாது. உள்ளே நடந்தால் இவை இருக்காது என்பதைப் பதிவுப் படிவத்திலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் உறியடிக்காகவே வந்த குழந்தை வாசலில் அழும்.

பதிவுப் படிவத்தில் என்ன எழுதுவது

பெயர், எண்ணிக்கையோடு மூன்று கேள்விகளைச் சேருங்கள். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்? வாட்ஸ்அப் எண் எது, அது எடுக்காவிட்டால் அழைக்க வேறு எண் எது? மழையால் பிப்ரவரிக்கு மாறினால் வர இயலுமா? கடைசிக் கேள்விக்கான விடை யாரையும் கட்டுப்படுத்தாது, ஆனால் எத்தனை பேர் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்பதை முன்கூட்டியே ஓரளவு காட்டிவிடும். பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, எல்லோரும் படிக்கும் இடத்தில், இதைப் போடுங்கள்:

"மழை எச்சரிக்கையைப் பொறுத்து நிகழ்ச்சி மைதானத்தில், அல்லது அதே பள்ளி அரங்கில் இரண்டு பிரிவாக, அல்லது பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். முடிவைச் சனிக்கிழமை மாலை 3.15-க்கு அறிவிப்போம். தேதி மாறினால் உங்கள் பதிவு தானாகவே புதிய தேதிக்குச் செல்லும். வர இயலாதவர்களுக்கு முழுக் கட்டணமும் திருப்பித் தரப்படும். அரங்கில் நடந்தால் உறியடி, கிட்டிப்புள் இருக்காது."

செய்தி போய்ச் சேரும் வழி

வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம் என்பதால் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று பொருள் இல்லை. அதன் ஒளிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். பதிவு செய்தவர்களில் பெரும்பாலானோர் சேமித்திருக்கமாட்டார்கள். உங்களுக்கு எந்தப் பிழை அறிவிப்பும் வராது, செய்தி போகாமலே இருக்கும். ஆகவே பதிவு உறுதியானதும் அனுப்பும் முதல் செய்தியிலேயே "இந்த எண்ணைச் சேமித்துக்கொண்டு 'சரி' என்று பதில் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். பதில் வராதவர்களின் பட்டியல்தான் மழை நாளில் முதலில் அழைக்க வேண்டிய பட்டியல்.

குழுவாக வைத்தால் நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள். இல்லையென்றால் முடிவு அறிவிப்பு, "எங்கள் தெருவில் வெயில் அடிக்கிறதே" என்ற நாற்பது செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடும். குறுஞ்செய்தியை மொத்தமாக அனுப்பலாம் என்று சனிக்கிழமை யோசித்தால் காலம் கடந்துவிட்டது. இந்தியாவில் மொத்தக் குறுஞ்செய்தி அனுப்ப நிறுவனத்தின் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் முன்பே பதிந்து ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். சிறிய குழுவுக்குத் தொலைபேசி அழைப்பே நம்பகமான வழி. எட்டுத் தன்னார்வலர்கள், ஆளுக்கு இருபது குடும்பங்கள், அழைப்புக்கு இரண்டு நிமிடம் என்றால் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். தூரத்து ஊர்க்காரர்களை முதலில் அழையுங்கள். திண்டிவனத்திலிருந்து வருபவர் சனி மாலையே கிளம்பி உறவினர் வீட்டுக்குப் போய்விடக்கூடும்.

அறிவிக்கும் வரிசையும் முக்கியம். மூன்று மணிக்கு முடிவு. முதல் பத்து நிமிடத்தில் பள்ளி, விளையாட்டு ஆசிரியர்கள், சமையல்காரர், பந்தல்காரர் ஆகியோருக்குத் தொலைபேசி. புதிய தேதி அவர்களுக்குச் சரிதான் என்று மறுபடி உறுதியானபிறகே, 3.15-க்கு, பதிவு செய்தவர்களுக்குச் செய்தி. யாராவது ஒருவருக்குப் பிப்ரவரி ஒத்துவரவில்லை என்றால் தேதியை ஊகத்தில் போட வேண்டாம். "நாளை நிகழ்ச்சி இல்லை. புதிய தேதியைப் புதன்கிழமைக்குள் சொல்கிறோம்" என்று அனுப்பிவிட்டுப் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள்.

செய்தியின் முதல் வரியிலேயே முடிவு இருக்க வேண்டும். வருத்தமும் விளக்கமும் பின்னால் வரலாம். கைப்பேசித் திரையில் தெரிவது முதல் இரண்டு வரிகள்தான். அனுப்பிய நாளையும் நேரத்தையும் செய்திக்குள்ளேயே எழுதுங்கள், ஏனென்றால் வியாழக்கிழமைச் செய்தியை யாரோ ஞாயிறு காலை மற்றவர்களுக்கு அனுப்புவார்கள்.

வியாழக்கிழமை மாலை: "மரபு விளையாட்டு விழா, வியாழன் மாலை 6 மணி நிலவரம்: இதுவரை மாற்றம் இல்லை. வார இறுதியில் மழைக்கு வாய்ப்பு இருப்பதால் சனி மாலை 3.15-க்கு முடிவை அனுப்புவோம். அதுவரை வேறு எந்தச் செய்தியையும் நம்ப வேண்டாம்."

சனிக்கிழமை, தள்ளிவைத்தால்: "நாளை (ஞாயிறு) விழா நடைபெறாது. பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை 9 மணி, அதே பள்ளியில் நடக்கும். செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை இருப்பதால் இந்த முடிவு. உங்கள் பதிவு அப்படியே புதிய தேதிக்கு மாறிவிட்டது. வருபவர்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வர இயலாதவர்கள் அடுத்த ஞாயிற்றுக்குள் 'பணம்' என்று இந்த எண்ணுக்கு அனுப்பினால் முழுத் தொகையும் திரும்ப வரும். அனுப்பியது: சனி, மாலை 3.15."

உள்ளரங்கம் என்றால் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிச் செய்தி. இருவருக்கும் ஒரே செய்தியை அனுப்பி, உங்கள் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் பாதிப் பேர் காலை 9 மணிக்கே வந்து நிற்பார்கள்.

எவ்வளவு அழைத்தாலும் தகவல் எட்டாத ஓரிரு குடும்பங்கள் மறுநாள் வாசலுக்கு வரும். காலை எட்டு முதல் பத்து மணி வரை ஒருவர் அங்கே நிற்கட்டும், கையில் ஒரு குடையும் புதிய தேதி எழுதிய அட்டையும் பதிவுப் பட்டியலும் இருக்கட்டும். தெரு முழுக்க நனைந்து வந்தவர்களுக்குப் பூட்டிய கதவைக் காட்டக் கூடாது.

நிகழ்ச்சி நடக்கும்போதே பெய்தால்

முன்னறிவிப்புக்கும் எல்லை உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று பிற்பகலில், எச்சரிக்கை எதுவும் இல்லாத நிலையில், சில மணி நேரத்தில் சென்னையின் பல பகுதிகளில் 10 செ.மீ.க்கு மேல் பெய்தது. எனவே பச்சை நாளிலும் ஒருவர் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கையையும் ரேடார் படத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கு அன்று வேறு வேலை கொடுக்காதீர்கள்.

இடி கேட்டுவிட்டால் விவாதம் இல்லை, எல்லோரும் கட்டடத்துக்குள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் ஆகும்வரை மைதானம் மூடப்பட்டது. சாமியானா மின்னலிலிருந்து காப்பாற்றாது. அதன் இரும்புக் கழிகளுக்கு அடியில் கூட்டம் ஒண்டுவதுதான் ஆபத்து. மழையிலும் அது நீண்ட நேரம் தாங்காது. 15 அடிக்கு 15 அடித் துணி ஒன்றின் பரப்பு ஏறத்தாழ 21 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். 5 செ.மீ. பெய்து வடியாமல் தேங்கினால் ஒரு டன்னுக்கும் மேல் எடை. துணி நடுவில் தொப்பையாகத் தொங்கத் தொடங்கினால் அடியில் யாரும் இருக்கக் கூடாது. பந்தல்காரரிடம் ஒரு பக்கம் சரிவாகக் கட்டச் சொன்னால் தண்ணீர் வழிந்துவிடும்.

ஜெனரேட்டரையும் மைக்கையும் அணைக்கப் பொறுப்பானவர் யார் என்று பெயர் சொல்லி வையுங்கள். அவர் அணைத்தபிறகு அறிவிப்புக்கு ஒலிபெருக்கி இருக்காது. ஒரு கை ஒலிபெருக்கியும் விசிலும் தேவைப்படும்.

தள்ளிவைத்த மறுநாளிலிருந்து

எல்லோரையும் மறுபடி பதிவு செய்யச் சொல்லும் வழக்கம் எனக்கு ஒப்புதல் இல்லாதது. பணம் கட்டியவர் இன்னொரு முறை ஏன் படிவம் நிரப்ப வேண்டும்? பதிவு தானாக மாறட்டும். வர இயலாதவர் மட்டும் சொல்லட்டும். உங்கள் எக்செல் பட்டியலில் ஒரு நெடுவரிசை போதும்: வருகிறார், பணம் கேட்டார், பதில் இல்லை.

பணம் திருப்பித் தரும் வேலையை ஒரே ஆளிடம் கொடுங்கள். இணையக் கட்டணச் சேவை வழியாக வந்த தொகையை அதே வழியில் திருப்பினால் வங்கிக் கணக்கில் சேர வழக்கமாக ஐந்து முதல் ஏழு வேலை நாட்கள் ஆகும். அதைச் சொல்லிவிட்டால் தினமும் கேட்கமாட்டார்கள். யுபிஐயில் நேரடியாக வந்திருந்தால், பணம் வந்த அதே கணக்குக்கு அனுப்பி, பரிவர்த்தனை எண்ணைப் பட்டியலில் குறித்து, அவருக்கும் அனுப்புங்கள். இந்த நேரத்தில் உங்கள் பெயரைச் சொல்லி மோசடிக்காரர்கள் அழைக்கக்கூடும். பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, நாங்கள் இணைப்பு எதுவும் அனுப்பமாட்டோம் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

கெடு தாண்டி இரண்டு நாள் கழித்துக் கேட்பவருக்கும் கொடுத்துவிடுங்கள். தன் இடத்தை நண்பர் குடும்பத்துக்குத் தர விரும்பினால் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். நாற்பது குடும்பங்கள் விலகினால் காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர்களுக்குக் கொடுக்கலாம், ஆனால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்த இடங்களை மட்டும். "பதில் இல்லை" என்பவர்களின் இடத்தை விற்பது தவறு. அவர்கள் பிப்ரவரியில் வந்து நின்றால் அந்த இடம் அவர்களுடையது.

இரண்டரை மாத மௌனம் எல்லாவற்றையும் மறக்கடித்துவிடும். ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நினைவூட்டல், பத்து நாட்களுக்கு முன் ஒன்று. ஐந்து நாட்களுக்கு முன் "எத்தனை பேர் வருகிறீர்கள்?" என்று கேட்டுப் பதில் வராதவர்களை அழையுங்கள். இரண்டு முறை அழைத்தும் எடுக்காதவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் சாப்பாடு சொல்லலாம். அதற்கு மேல் வந்தால் சமாளிக்க அரிசியும் சாம்பாரும் கூட்டி வைக்கச் சமையல்காரரிடம் பேசி வையுங்கள். பள்ளிக் கடிதத்தில் அரங்கு பிப்ரவரிக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வாரமும் வியாழன் மாலைச் செய்தியும் சனி மூன்று மணி முடிவும் உண்டு, வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும்.